வயிற்றில் ஆபரேஷன் செய்த புண்ணுக்குக் கட்டு மாற்றும் குறிப்பை வீட்டில் இருப்பவர் படித்துச் செய்யும்படி தமிழில் எழுதுவது எப்படி?

கேள்வி: "வயிற்றில் ஆபரேஷன் ஆனபின் தையல் போட்டு மூடாமல் திறந்தே விட்ட புண்ணுக்கு வீட்டில் தினமும் கட்டு மாற்றுவது பற்றி இரண்டு பக்க ஆங்கிலக் குறிப்பு. தமிழில் தரச் சொன்னார்கள். கலைச்சொல் அகராதி பார்த்துக் கவனமாகத்தான் செய்தேன். சித்தி படித்துவிட்டு, 'எல்லாம் தமிழ்தான், ஆனா என்ன செய்யச் சொல்றாங்கன்னே தெரியலையே' என்கிறார். அதிலும் நோய்த்தொற்று அறிகுறிகள் பகுதியை எப்படி எழுதினால் சரியாக இருக்கும்?"

உங்கள் சித்தி சொன்னதுதான் சரியான விமர்சனம். அதை வைத்தே தொடங்கலாம். நான் பல வருடம் புண் பராமரிப்புப் பிரிவில் செவிலியராக இருந்தவள். இப்போது பிறர் தமிழாக்கிய நோயாளிக் குறிப்புகளைத் திருத்திக் கொடுக்கிறேன். கட்டு மாற்றும் முறை பற்றிக் கீழே சொல்வது வீட்டாருக்கு நாங்கள் வழக்கமாகக் கற்றுத்தருவது. ஆனால் ஒரு குறிப்பிட்ட நோயாளிக்கு எத்தனை முறை மாற்றுவது, எதைக் கொண்டு கழுவுவது, எந்த வகைத் துணி வைப்பது என்பதை அவருக்குச் சிகிச்சை தருபவர்கள்தான் முடிவு செய்வார்கள். மூலத்தில் அது தெளிவாக இல்லையென்றால் கேட்டு எழுதுங்கள். நீங்களாக நிரப்பிவிடாதீர்கள்.

இந்தக் குறிப்பு எந்த நேரத்தில் படிக்கப்படும் என்று யோசித்துப் பாருங்கள். கட்டிலில் நோயாளி சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பார். கட்டு மாற்றுபவர் கையுறை போட்டிருப்பார், தாளைத் தொட முடியாது. ஒரு வேலையை முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்து, விட்ட இடத்தைக் கண்ணாலேயே தேடிப் பிடிக்க வேண்டும். ஆங்கில மூலத்தில் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் நாலைந்து வேலைகள் இருக்கும். அதை இலக்கணம் பிசகாமல் தமிழாக்கினால் "வெளிக்கட்டை நீக்கி, ஒட்டியிருப்பின் நனைத்து, உள்துணியை எடுத்து, அப்புறப்படுத்தி, கையுறையைக் கழற்றி, கைகளைக் கழுவவும்" என்று வரும். பிழை ஒன்றும் இல்லைதான். ஆனால் வினையெச்சமாகக் கோத்துக்கொண்டே போனால் எங்கே நிறுத்துவது என்று படிப்பவருக்குத் தெரியாது. நடுவில் வருவது தவறிவிடும், கடைசியில் வருவது காதிலேயே விழாது. இங்கே கடைசியில் இருப்பது நடுவழியில் இரண்டாம் முறை கை கழுவுவது. வீட்டில் எல்லாரும் விட்டுவிடுவது அதைத்தான்.

அதனால் கை செய்யும் ஒரு வேலைக்கு ஒரு வாக்கியம் என்று வையுங்கள். மேலே உள்ள வாக்கியத்தை நான் இப்படி எழுதுவேன்:

"மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டரை மெதுவாக உரியுங்கள். உரிக்கும்போது இன்னொரு கையால் தோலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் திண்டை எடுத்துப் பையில் போடுங்கள். இப்போது புண்ணுக்குள் வைத்த காஸ் துணி தெரியும். அதன் நுனியைப் பிடித்து மெல்ல வெளியே எடுங்கள். ஒட்டிக்கொண்டு வரவில்லையா? இழுக்காதீர்கள். அதன்மேல் சலைன் ஊற்றுங்கள். சில நிமிடம் பொறுத்து மறுபடி எடுங்கள். எத்தனை துணி வெளியே வந்தது என்று எண்ணுங்கள். நேற்று உள்ளே வைத்தது எத்தனையோ அத்தனையும் வந்திருக்க வேண்டும். கையுறையைக் கழற்றிப் பையில் போடுங்கள். சோப்புப் போட்டு 20 நொடி கை கழுவுங்கள். புதிய கையுறை போடுங்கள்."

இடம் கூடத்தான் எடுக்கும். இரண்டு பக்கம் மூன்றானாலும் பரவாயில்லை, எழுத்தைச் சிறிதாக்கி இரண்டிலேயே அடக்கப் பார்க்காதீர்கள். துணியை எண்ணும் வரி ஒருவேளை உங்கள் மூலத்தில் இல்லாமல் இருக்கலாம். ஆழமான புண்ணுக்குள் ஒரு துண்டு தங்கிவிட்டால் அது அழுகி நாற்றமெடுக்கும், புண் ஆறாது. அதனால் சேர்க்கச் சொல்லி நான் கேட்பேன். கேட்பேன் என்றுதான் சொல்கிறேன். சேர்ப்பதா வேண்டாமா என்று மருத்துவக் குழு சொல்லட்டும். சலைன் ஊற்றி நனைக்கும் வரியிலும் இதே எச்சரிக்கை உண்டு. காய்ந்த துணியை அப்படியே இழுத்து, அதோடு செத்த சதையையும் பெயர்த்து எடுக்கும் பழைய முறை இன்னும் சில இடங்களில் இருக்கிறது. வலி அதிகம், புதிதாக வளர்ந்த சதையும் பெயர்ந்து வரும் என்பதால் அதைப் பலரும் கைவிட்டுவிட்டார்கள். உங்கள் மூலம் "நனைக்காமல் எடு" என்று சொன்னால் அது பழைய தாளா, இந்த நோயாளிக்கென்று வேண்டுமென்றே எழுதியதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது சொற்கள். அகராதி உங்களை ஏமாற்றியிருக்கும் இடங்கள் இரண்டு மூன்றுதான், ஆனால் ஒவ்வொன்றும் புண்ணைத் தொடும் இடம். "கிருமி நீக்கிய துணி" என்று எழுதினால் கிருமிநாசினியில் நனைத்த துணி என்று எடுத்துக்கொள்கிறவர்கள் நிறைய. வீட்டில் இருக்கும் கிருமிநாசினியைத் துணியில் ஊற்றி அதையே புண்ணுக்குள் வைத்துவிடுவார்கள். புதுச் சதைக்கு அது எரிச்சல், ஆறுவதும் தள்ளிப்போகும். "பிரிக்காத பாக்கெட்டில் இருக்கும் காஸ் துணி. பாக்கெட்டைக் கை கழுவிய பிறகே பிரியுங்கள்" என்றால் குழப்பம் இல்லை. "உப்பு நீர்" என்பதும் இப்படித்தான். சலைனுக்கு அது சரியான தமிழ், ஆனால் படித்தவர் சமையலறைக்குப் போய்க் கைப்பிடி உப்பைக் கரைத்துக்கொண்டு வருவார். சலைனில் உப்பு ஒரு லிட்டருக்கு 9 கிராம். கண்திட்டத்தில் கரைத்தால் அந்த அளவு வராது, தண்ணீரும் பாட்டிலில் வருவதுபோல் கிருமியற்றதாக இருக்காது. "சலைன்" என்றே எழுதி, பாட்டிலில் என்ன எழுதியிருக்கும் என்பதைப் படமாகப் போடுங்கள்.

வினைச்சொற்களில் "சுத்தம் செய்" என்பதை எங்கேயும் தனியாக விடாதீர்கள். அதைப் படிக்கிற கை தேய்க்கத் தொடங்கிவிடும். புண்ணுக்கு நமக்கு வேண்டியவை வேறு. உள்ளே சலைனை ஊற்றிக் கழுவுவது, நனைத்த துணியால் புண்ணின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒருமுறை துடைத்து அந்தத் துணியைப் போட்டுவிடுவது, சுற்றியுள்ள தோலை உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பது. ஒற்றுதல் என்பது எல்லாருக்கும் தெரிந்த சொல், வியர்வையை ஒற்றுவோம், கண்ணீரை ஒற்றுவோம். அது இருக்கும்போது "மென்மையாகத் தட்டி உலர்த்தவும்" என்று எழுதுவானேன்?

புண்ணுக்குள் துணி வைப்பதற்கு எல்லாத் தமிழாக்கத்திலும் "அடைக்கவும்" அல்லது "திணிக்கவும்" என்று பார்க்கிறேன். இரண்டுமே ஆபத்து. தலையணைக்குப் பஞ்சு அடைப்பதுபோல் இறுக்கி வைத்தால் சதைக்கு ரத்தம் போவது தடைப்படும், வலியும் கூடும். பயந்துகொண்டு மேலாக மட்டும் வைத்தாலோ மேல்பகுதி முதலில் மூடிக்கொண்டு, அடியில் குழி நின்று நீர் தேங்கும். இதற்கு ஒரே சொல் தேடிப் பயனில்லை. நடக்க வேண்டியதை எழுதிவிடுங்கள்: "காஸ் துணியைச் சலைனில் நனைத்துப் பிழியுங்கள். தூக்கிப் பிடித்தால் சொட்டக் கூடாது. மடிப்பை முழுக்கப் பிரியுங்கள். புண்ணின் அடியையும் பக்கங்களையும் துணி தொடும்படி தளர்வாக வையுங்கள். விரலால் அழுத்திச் செருகாதீர்கள். துணியின் ஒரு நுனி வெளியே தெரியட்டும். ஈரத் துணி நல்ல தோலின்மேல் கிடக்கக் கூடாது." கடைசி வரிக்குக் காரணத்தையும் அரை வாக்கியத்தில் சேர்க்கலாம். ஈரம் பட்டுக்கொண்டே இருந்தால் புண்ணைச் சுற்றிய தோல் வெளுத்து ஊறி, பிறகு உரிந்துவிடும். தோல் அப்படி ஊறியிருப்பதைப் பார்த்துவிட்டுச் சீழ் பிடித்துவிட்டது என்று பதறி வருகிறவர்களும் உண்டு.

"தினம் ஒருமுறை அல்லது தேவைக்கேற்ப மாற்றவும்" என்ற வரியும் மூலத்தில் நிச்சயம் இருக்கும். தேவை என்ன என்பதுதானே அவருக்குத் தெரியாது? "மேல் திண்டு நனைந்து ஈரம் வெளியே தெரிந்தால், அல்லது கட்டு அவிழ்ந்தால், அல்லது தண்ணீரோ மலமோ சிறுநீரோ பட்டுவிட்டால், அடுத்த நாள்வரை காத்திருக்காமல் மாற்றுங்கள்" என்று விரித்து, மருத்துவக் குழுவிடம் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

இனி நீங்கள் குறிப்பாகக் கேட்ட பகுதி. மூலத்தில் அது ஏழெட்டுச் சொற்கள் கொண்ட பட்டியலாக இருக்கும்: சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி, வெளியேற்றம், துர்நாற்றம், காய்ச்சல். அப்படியே தமிழில் வைத்தால் நாளைக்கே எல்லா வீட்டிலிருந்தும் தொலைபேசி வரும், இல்லையென்றால் ஒரு வீட்டிலிருந்தும் வராது. ஏனென்றால் ஆபரேஷன் ஆன முதல் சில நாளில் இவற்றில் பாதி எல்லாருக்கும் இருக்கும். விளிம்பில் லேசான சிவப்பு, கொஞ்சம் வீக்கம், தொட்டால் வலி, வெளிர்மஞ்சள் நீர் எல்லாம் ஆறுவதன் பகுதிதான். முதல் வாரம் அதையெல்லாம் பார்த்துவிட்டு "இது சகஜம்" என்று பழகிப்போனவர், இரண்டாம் வாரம் அதே சிவப்பு பரவும்போதும் சகஜம் என்றே நினைப்பார். புண் சம்பந்தமான தொற்று பெரும்பாலும் ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் தலைகாட்டும். ஒரு மாதம்வரைகூட வரலாம். ஆக, சகஜம் என்ற நினைப்பு வேரூன்றிய பிறகுதான் அது வருகிறது.

எனவே அறிகுறி என்பது ஒரு நிலை அல்ல, ஒரு மாற்றம். தமிழில் அதற்கு "நேற்றைவிட" என்ற ஒரு சொல் போதும். "வலி இருந்தால்" என்று எழுதாதீர்கள். "ஒவ்வொரு நாளும் வலி குறைந்துகொண்டு வர வேண்டும். குறைந்துவந்த வலி திரும்பக் கூடினால்" என்று எழுதுங்கள். வீக்கத்துக்கும் அப்படியே. நிற மாற்றம் பரவுகிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. அதன் ஓரத்தில் பேனாவால் தோலில் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதுவது. மறுநாள் நிறம் கோட்டைத் தாண்டியிருந்தால் யாரும் விவாதம் செய்ய வேண்டியதில்லை. நாங்கள் வார்டிலும் இதைத்தான் செய்வோம். குறிப்பில் இதைச் சேர்க்கலாமா என்று கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

சிவப்பு என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மூலக் குறிப்புகள் பலவும் வெளுத்த தோலை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கறுத்த தோலில் அழற்சி சிவப்பாகத் தெரியாமல் போகலாம். சுற்றியுள்ள இடத்தைவிட அடர்ந்த கறுப்பாக, ஊதாவாக, சில சமயம் சாம்பல் படிந்ததுபோலத் தெரியும். தோல் இறுகிப் பளபளக்கும். "சிவந்திருந்தால் தெரிவிக்கவும்" என்று படித்தவர் சிவப்பைத் தேடி, இல்லையென்று நிம்மதியடைந்துவிடுவார். தமிழ் படிக்கும் குடும்பங்களில் இது விதிவிலக்கே அல்ல. அதனால் கண்ணோடு கையையும் வேலைக்குச் சேருங்கள்: "புண்ணைச் சுற்றியுள்ள தோல் சிவந்தோ, முன்பைவிடக் கறுத்தோ, ஊதாவாகவோ மாறினால். கை கழுவிவிட்டுப் புறங்கையை அங்கே வையுங்கள், பிறகு வயிற்றின் மறுபக்கம் அதே அளவு தள்ளி வையுங்கள். புண் பக்கம் மட்டும் சுடுகிறதா? தோல் கல்போல இறுகியிருக்கிறதா?" புறங்கை, மறுபக்கம் என்றெல்லாம் இவ்வளவு விவரமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் வழக்கில் சூடு என்றால் காய்ச்சல், உடம்புச் சூடு, சூட்டுக் கட்டி என்று எங்கெங்கோ போகும். வெறுமனே "வெப்பம்" என்று இருந்தால் நோயாளியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு "சூடு இல்லை" என்பார்கள்.

"வெளியேற்றம்" என்பதை அடித்துவிடுங்கள். அதே ஆங்கிலச் சொல் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்புவதையும் குறிப்பதால் "டிஸ்சார்ஜ்" என்றும் வைக்க முடியாது. "டிஸ்சார்ஜ் அதிகமானால் தெரிவிக்கவும்" என்று அச்சிட்ட தாளை நானே பார்த்திருக்கிறேன். "புண்ணிலிருந்து வடியும் நீர்" என்றால் போதும். பிறகு அதன் நிறத்தை எழுதுங்கள், இயல்பானதை முதலில்: "தண்ணீர்போலவோ, வெளிர்மஞ்சளாகவோ, லேசான இளஞ்சிவப்பாகவோ வடிந்தால், நாளுக்கு நாள் குறைந்துவந்தால், கவலையில்லை." அடுத்து: "தடித்து, பால்போலக் கலங்கி, மஞ்சளாகவோ பச்சையாகவோ பழுப்பாகவோ வடிந்தால் அது சீழாக இருக்கலாம். அன்றே தெரிவியுங்கள்." நாற்றத்துக்கு ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும். ஒரு நாள் முழுக்க மூடியிருந்த எந்தக் கட்டையும் பிரித்தவுடன் ஒரு வாடை வரும். பழைய துணிகளைப் பையில் போட்டுக் கட்டி, புண்ணைக் கழுவிய பிறகும் நாற்றம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. "கழுவிய பிறகும்" என்ற அந்த இரண்டு சொல் விடுபட்டால் வீணான பயம்.

வயிற்றுப் புண் என்பதால் இன்னொன்று கட்டாயம். கொஞ்சமாக வடியும் இளஞ்சிவப்பு நீர் முதல் நாட்களில் இயல்பு. ஆனால் வடிவது நின்றுவிட்டது அல்லது குறைந்துவிட்டது என்று இருக்கும்போது, திடீரென்று துணியெல்லாம் நனையும்படி இளஞ்சிவப்பு நீர் கொட்டினால் உள்ளே வயிற்றுச் சுவரின் தையல் விட்டிருக்கலாம். இருமும்போதோ எழும்போதோ "ஏதோ பிட்டுக்கொண்ட மாதிரி இருந்தது" என்று நோயாளியே சொல்வார். அது தொற்றுப் பட்டியலில் வரும் விஷயம்கூட இல்லை. ஆனால் அந்த நீர் இளஞ்சிவப்பு, "இளஞ்சிவப்பு கவலையில்லை" என்று நாமே மேலே எழுதியிருக்கிறோம். ஆகவே இரண்டையும் அடுத்தடுத்து வைத்து அளவைக் கொண்டு பிரித்துக் காட்டுங்கள். குடல் வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளக் கூடாது, சலைனில் நனைத்த சுத்தமான துணியால் மூட வேண்டும், முழங்காலை மடக்கிப் படுக்க வைக்க வேண்டும், வாய்வழி எதுவும் தரக் கூடாது, ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். இந்த ஐந்தும் ஒரே இடத்தில் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

பட்டியலின் அமைப்பு பற்றி ஒன்று. "காய்ச்சல், சீழ், வீக்கம், துர்நாற்றம் ஆகியவை இருந்தால் மருத்துவரை அணுகவும்" என்ற வாக்கியம் தமிழில் எல்லாமே சேர்ந்திருந்தால்தான் என்று பொருள்படும். "ஆகியவை" என்ற சொல்லின் வேலையே அதுதான். ஒரு பெண்மணி இப்படித்தான், சீழ் வந்தும் காய்ச்சல் வரவில்லையே என்று நாட்களைக் கடத்தினார். தாளில் "காய்ச்சலும் சீழும்" என்றுதானே இருந்தது என்று எங்களிடமே காட்டினார். அவர்மேல் என்ன தவறு? மேலும் தமிழில் செய்ய வேண்டிய செயல் வாக்கியத்தின் கடைசியில் வருவதால், ஏழு அறிகுறிகளைச் சுமந்துகொண்டு போய்த்தான் "அணுகவும்" என்பதை எட்ட வேண்டும். செயலை முன்னால் கொண்டுவாருங்கள். "கீழே உள்ளதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அன்றே தொலைபேசியில் சொல்லுங்கள்" என்று ஒரு தலைவரி, அதன் கீழே ஒவ்வொன்றும் தனித்தனி வரியில். இன்னொரு தலைவரி: "இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்." இந்த இரண்டாவதின் கீழே: 10 நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம், திடீரென்று கொட்டும் நீர், புண் பிளந்து கொள்வது, புண்ணிலிருந்து தோலில் கோடுகோடாக நிறம் ஓடுவது, பார்ப்பதற்குப் புண் பெரிதாக மாறாமலேயே வலி மட்டும் தாங்க முடியாமல் போவது, நடுக்கத்தோடு காய்ச்சல், மூச்சு வேகமாக வாங்குவது, வழக்கத்துக்கு மாறாக உளறுவது அல்லது எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் இருப்பது. எது எந்தத் தலைவரியின் கீழ் வரும் என்பதை மருத்துவக் குழுவிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

காய்ச்சலுக்கு எண் கொடுங்கள், இரண்டு அளவிலும் கொடுங்கள்: 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அல்லது அதற்கு மேல். தமிழ் வாசகர்கள் வெவ்வேறு நாட்டில் வெவ்வேறு தெர்மாமீட்டர் வைத்திருக்கிறார்கள், "நூறைத் தாண்டினால்" என்று எழுதினால் செல்சியஸ் கருவி வைத்திருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. அதோடு ஒரு வரி: வயதானவர்களுக்கும், ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போகலாம். சர்க்கரை நோயால் நரம்பு மரத்தவர்களுக்கு, காலில் புண் இருந்தால் வலியே தெரியாமல் போகலாம். உங்கள் குறிப்பு வயிற்றுப் புண்ணுக்கு என்பதால் கால் விஷயம் தேவையில்லை, ஆனால் அதே தாளை நகலெடுத்து எல்லாப் புண்ணுக்கும் கொடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

இதுவரை சொன்னதில் ஐயமில்லை. ஐயத்துக்கு இடமுள்ளவையும் சில உண்டு. மஞ்சளாகத் தெரிவதெல்லாம் சீழ் அல்ல. புண்ணின் அடியில் ஒட்டிக்கொண்டு, துடைத்தாலும் வராத மஞ்சள் படலம் பெரும்பாலும் செத்த திசு. சீழ் வடியும், படலம் வடியாது. வீட்டில் இருப்பவர் இதைப் பிரித்தறிவார் என்று எதிர்பார்ப்பது அதிகம், அதனால் "சந்தேகம் இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள்" என்பதே நல்ல வரி. இந்த நோயாளிக்கு காஸ் துணிக்குப் பதிலாக ஹைட்ரோகொல்லாயிட் என்ற ஒட்டுக்கட்டு கொடுத்திருந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். அதைப் பிரித்தால் மஞ்சளாகக் கொழகொழவென்று, வாடையோடு ஒரு கூழ் இருக்கும். அது கட்டே உருகி நீரோடு கலந்தது, சீழ் இல்லை. எந்த வகைக் கட்டு என்று கேட்காமல் சீழ் பற்றிய வரியை முடிக்காதீர்கள். கழுவுவதற்குச் சலைன்தான் வேண்டுமா, குடிக்கத் தகுந்த சுத்தமான குழாய்த் தண்ணீர் போதுமா என்பதிலும் ஒரே விடை இல்லை. நல்ல குழாய்த் தண்ணீரால் தொற்று கூடியதாக ஆய்வுகளில் தெளிவான சான்று இல்லை. ஆனால் ஆழமான வயிற்றுப் புண்ணுக்கு அதைப் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. மூலம் எதைச் சொல்கிறதோ அதுவே இருக்கட்டும்.

எழுதி முடித்ததும் சரிபார்ப்பது. திருப்பி ஆங்கிலமாக்கிப் பார்க்கச் சொல்வார்கள். செய்யுங்கள், எண்ணும் இல்லை-வேண்டாமும் மாறிப்போயிருந்தால் அகப்படும். ஆனால் அதை நம்பி நிறுத்திவிடாதீர்கள். "வெளியேற்றம்" திரும்பவும் அச்சு அசலாக மூலச் சொல்லாகவே வந்து நிற்கும், எல்லாம் சரி என்று தோன்றும். "ஆகியவை"யும் அப்படியே தப்பிவிடும். திருப்பி மொழிபெயர்ப்பவருக்கும் உங்களைப்போல ஆங்கிலம் தெரியும் அல்லவா? எனவே ஆங்கிலம் அறியாத ஒருவரிடம் கொடுங்கள். உங்கள் சித்தியே போதும். "புரிந்ததா" என்று கேட்காதீர்கள், மரியாதைக்காகவாவது ஆமென்பார். ஒரு தலையணையில் துணியைச் சுருட்டிக் குழி செய்து, காஸும் பிளாஸ்டரும் கொடுத்து, தாளைப் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்காமல் நில்லுங்கள். அவர் கை எந்த வரியில் நிற்கிறதோ அந்த வரியை மாற்றுங்கள். இரண்டாம் முறை கை கழுவ எழுந்து போகிறாரா என்று கண்டிப்பாகக் கவனியுங்கள்.

அறிகுறிப் பகுதிக்குச் செய்து காட்டச் சொல்ல முடியாது, அதற்குச் சிறு கதைகள் வையுங்கள். "எட்டாம் நாள். காய்ச்சல் இல்லை. வடிவது குறைந்திருந்தது, இன்று காலை கட்டு முழுக்க இளஞ்சிவப்பாக நனைந்திருக்கிறது. சித்தி, நீங்கள் என்ன செய்வீர்கள்?" அவர் தாளில் விரல் வைத்து அவசரப் பிரிவு வரியைக் காட்டினால் அந்தப் பகுதி தேறிவிட்டது. "காய்ச்சல் இல்லையே, நாளைக்குப் பார்க்கலாம்" என்றால் மேலே உள்ள பத்தி ஒன்றை நீங்கள் சரியாகப் பிரித்து எழுதவில்லை. குறிப்பு இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கும் போகும் என்றால் அவர்களில் ஒருவரிடமும் இதே கதையைச் சொல்லிப் பாருங்கள். வலியை நோ என்பவர்களும் மருத்துவமனையை வைத்தியசாலை என்பவர்களும் அதே தாளை எடுத்துச் செல்வார்கள்.

தாளின் அடியில் எண்ணை மட்டும் போட்டுவிட்டு விடாதீர்கள். தொலைபேசியை எடுத்தவுடன் மறுமுனையில் கேட்கப்போவதை முன்கூட்டியே எழுதிவைத்தால் பதற்றத்தில் வாய் குழறாது: நோயாளியின் பெயர், ஆபரேஷன் நடந்த தேதி, இன்று காய்ச்சல் எத்தனை, வடிவது என்ன நிறம், நேற்றைவிடக் கூடியிருக்கிறதா, வலி எப்படி, கடைசியாகக் கட்டு மாற்றியது எத்தனை மணிக்கு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கையால் நிரப்ப ஒரு கோடு விடுங்கள். பகல் எண் எது, இரவிலும் விடுமுறையிலும் அழைக்கும் எண் எது என்று தனித்தனியாகப் போடுங்கள். அழைத்தால் தமிழ் பேசுபவர் வருவாரா, இல்லையென்றால் எந்தச் சொல்லைச் சொல்லி மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது என்பதையும் மருத்துவமனையிடம் கேட்டு, அந்தச் சொல்லைத் தமிழ் எழுத்திலேயே எழுதிவிடுங்கள்.